மறைந்த அறையைக் கண்டுபிடித்த சிறுமி: ஒரு சிறுகதை திருத்தப்பட்ட விதம்

## பின்னணி

சிறுவர் இதழ் ஒன்றுக்கு வந்த ஒரு சிறுகதை, முதல் வரைவிலிருந்து அச்சுக்குப் போகும் வரை எப்படி மாறியது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கதையை எழுதியவர் ஏற்கெனவே சிறுவர்களுக்காக எழுதி வருபவர். அந்த இதழில் கதைகளைப் படித்துத் திருத்துவது என் வேலை. மூன்றாவதாக ஒருவர் உண்டு. பழைய கன்சோல்களைப் பழுது பார்ப்பவர், அவற்றில் ஓடும் விளையாட்டுகளின் உள் அமைப்பை நன்றாக அறிந்தவர். அவரை இனி நண்பர் என்றே குறிப்பிடுகிறேன்.

கதையின் கரு எளிமையானது. பழைய கன்சோல் ஒன்றில் சாகச விளையாட்டு ஆடும் ஒரு சிறுமி, யாருக்கும் தெரியாத ஓர் அறையைக் கண்டுபிடிக்கிறாள். எழுத்தாளர் மனத்தில் வைத்திருந்தது கற்பனை விளையாட்டு அல்ல. அட்டாரி 2600 கன்சோலுக்கு 1980இல் வெளிவந்த அட்வென்ச்சர் என்ற விளையாட்டுதான் அது. அதற்குள் உண்மையிலேயே ஒரு மறைந்த அறை இருக்கிறது. அதை வைத்தவர் விளையாட்டை உருவாக்கிய வாரன் ராபினெட். விளையாட்டுகளை எழுதியவர்களின் பெயரை அட்டாரி அன்று வெளியிடுவதில்லை. பெட்டியில் நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருக்கும். ராபினெட் யாரிடமும் சொல்லாமல் தன் பெயரை ஓர் அறைக்குள் எழுதி வைத்துவிட்டு, 1979இல் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு, 15 வயதுப் பையன் ஒருவன் அந்த அறையைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான். அப்போதுதான் அப்படி ஓர் அறை இருப்பதே அவர்களுக்குத் தெரிந்தது.

இவ்வளவு நல்ல உண்மைக் கதை கையில் இருந்தும் முதல் வரைவு ஏனோ உயிரில்லாமல் இருந்தது.

## முதல் வரைவில் கண்டவை

அந்த வரைவில் சிறுமி ஒரு கோட்டைக்குள் நடக்கிறாள். ஓரிடத்தில் சுவரில் ஒரு கல் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை அழுத்துகிறாள். கதவு திறக்கிறது. உள்ளே பழைய சுருள் ஒன்றில் நீண்ட கடிதம், பக்கத்தில் ஒரு பெட்டி நிறையப் பொன். கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணனைக் கூப்பிடுகிறாள், அவன் வியக்கிறான், கதை முடிகிறது.

வாக்கியங்களில் பெரிய குறை இல்லை. ஆனால் சிறுமி எதையும் கண்டுபிடிக்கவில்லை. நீட்டிக்கொண்டிருக்கும் கல்லை யார் பார்த்தாலும் அழுத்துவார்கள். கதை அவளுக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தது. இதை எழுத்தாளரிடம் சொன்னபோது, "குழந்தைக்குப் புரியணும் இல்லையா, அதனால எளிமையா வெச்சேன்" என்றார். அது நியாயமான கவலைதான். ஆனால் எளிமை வேறு, இலவசம் வேறு என்று எனக்குப் பட்டது.

இரண்டாவது குறையை நண்பர் காட்டினார். அந்த விளையாட்டு பதிந்திருக்கும் கேட்ரிட்ஜில் மொத்த இடமே 4 கிலோபைட், அதாவது 4,096 பைட். கன்சோலின் நினைவகமோ 128 பைட். கோட்டைகள், புதிர்வழிகள், டிராகன்கள், வௌவால், எல்லாமே இதற்குள் அடங்கியாக வேண்டும். நீண்ட கடிதத்துக்கும் நீட்டிய கல்லுக்கும் அங்கே இடம் கிடையாது. ஆடுபவரின் உருவமே வெறும் சதுரம். டிராகன்கள் வாத்து மாதிரி இருக்கும் (இதை மறுப்பவர்களை நான் இதுவரை சந்தித்ததில்லை). இந்த விளையாட்டை ஆடியவர் யாராவது வரைவைப் படித்தால், எழுதியவர் அதை ஆடியதே இல்லை என்று இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

அதனால் மூவரும் உட்கார்ந்து அந்த அறைக்கு உண்மையில் எப்படிப் போவது என்று ஒரு முறை முழுதாகச் செய்து பார்ப்பது என்று முடிவானது. எழுத்தாளர் ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்க, நண்பர் பக்கத்திலிருந்து வழி சொல்ல, நான் குறிப்பெடுத்தேன்.

## விளையாட்டில் கண்டவை

அட்வென்ச்சரின் நோக்கம், தொலைந்த ஒரு கிண்ணத்தைத் தேடிக் கொண்டுவந்து தங்கக் கோட்டைக்குள் சேர்ப்பது. விளையாட்டில் மூன்று நிலைகள் உண்டு. நாங்கள் ஆடியது இரண்டாம் நிலை. அதில் ஒவ்வொரு பொருளும் எல்லா ஆட்டத்திலும் தனக்கென உள்ள அதே இடத்திலிருந்து தொடங்கும். சாவிகள், வாள், காந்தம், பாலம் என்று எடுத்துச் செல்லக்கூடிய பொருட்கள் பல. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கையில் வைத்திருக்க முடியும். இந்த ஒரு விதி கதைக்கு எவ்வளவு முக்கியமாகப் போகிறது என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

கருப்புக் கோட்டைக்குள் ஓர் இருண்ட புதிர்வழி இருக்கிறது. அங்கே நம்மைச் சுற்றிச் சிறு பகுதி மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் மறைந்திருக்கும். அந்தப் புதிர்வழியில் நான்கு பக்கமும் அடைபட்ட ஓர் இடம் உண்டு. நடந்து போக வழியே கிடையாது. பாலத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரின் மேல் குறுக்கே போட்டு, அதன் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். உள்ளே கீழ்ச்சுவரில் பதிந்தாற்போல் ஒரே ஒரு புள்ளி இருக்கிறது. ஒரு பிக்சல் அளவு. நிறமும் விளையாட்டின் பின்னணியான அதே சாம்பல். சாதாரண அறைக்குக் கொண்டுவந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது, சுவரின் மேல் வரும்போது மட்டும் ஒரு தூசி போலத் தெரியும்.

எழுத்தாளர் அந்த இடத்தில் சதுரத்தை மெல்ல நகர்த்தினார். கண்ணுக்கு எதுவும் மாறவில்லை. ஆனால் பொருள் ஒன்றைக் கையில் எடுக்கும்போது வருமே, அந்த ஒலி கேட்டது. அவர் ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "எதை எடுத்தேன்?" என்று கேட்டார். அதைக் குறிப்பில் அப்படியே எழுதிக்கொண்டேன். கதையில் சிறுமி கேட்பதும் அதே கேள்விதான்.

புள்ளியைத் தங்கக் கோட்டைக்குக் கீழே உள்ள பாதையின் கிழக்குக் கோடிக்குக் கொண்டுபோனோம். அங்கே வலப்பக்கம் மெல்லிய கோடாக ஒரு தடுப்பு நிற்கிறது. புள்ளியோடு மட்டும் போய் மோதினால் ஒன்றும் நடக்காது. அந்த அறையில் வேறு இரண்டு பொருட்களாவது கிடக்க வேண்டும். நாங்கள் ஒரு சாவியையும் வாளையும் கொண்டுபோய்ப் போட்டோம். உடனே தடுப்பு வேகமாகத் துடிக்கத் தொடங்கியது. சதுரத்தை அதன் மேல் தள்ளியபோது சுவரைக் கடந்து அடுத்த அறைக்குப் போய்விட்டது. அங்கே நிறம் மாறிக்கொண்டே இருக்கும் எழுத்துகளில் ராபினெட்டின் பெயர்: `Created by Warren Robinett`. வேறு எதுவும் இல்லை. பொன்னும் இல்லை, புதிய வழியும் இல்லை.

ஏன் பொருட்கள் தேவைப்படுகின்றன என்று எழுத்தாளர் கேட்டதற்கு நண்பர் துடிப்பிலிருந்து தொடங்கி விளக்கினார். கன்சோலின் வன்பொருளில் தனி உருவம் கொண்ட பொருட்களை வரைய இரண்டே இரண்டு இடங்கள்தான் உண்டு. ஓர் அறையில் மூன்றாவது பொருள் வந்தால், விளையாட்டு அவற்றை மாற்றி மாற்றி வரைகிறது. திரை ஒரு முறை வரையப்படும்போது இரண்டு, அடுத்த முறை வேறு இரண்டு. அதனால்தான் பொருட்கள் கூடும் அறைகளில் எல்லாமே மினுக்குகின்றன. ஆடுபவர்களுக்கு இது பழகிப்போன குறை, யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ராபினெட்டின் அறை அந்தக் குறைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

## எடுத்த முடிவுகள்

முதலில், நீட்டிய கல்லை எடுத்துவிடுவது. சிறுமி அறையைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், மற்றவர்கள் கவனிக்காமல் விட்ட ஒன்றை அவள் கவனிக்க வேண்டும். அதற்கு அந்த ஒலியே போதும் என்று மூவருக்கும் தோன்றியது. திருத்திய கதையில் சிறுமி வெறும் ஆர்வத்தில் பாலத்தைப் போட்டு அடைபட்ட இடத்துக்குள் போகிறாள். அங்கே ஒன்றுமில்லை என்று திரும்பப் போகும்போது ஒலி கேட்கிறது. வந்த வேகத்திலேயே ஜாய்ஸ்டிக் பொத்தானை அழுத்திப் பார்க்கிறாள், கீழே போடும் ஒலி கேட்கிறது. மறுபடி நகர்கிறாள், எடுக்கும் ஒலி. கண்ணுக்குத் தெரியாத ஒன்று கையில் இருக்கிறது என்பதை இப்படி உறுதி செய்துகொள்கிறாள். எழுத்தாளர் முதலில் இந்த இடத்தில் காந்தத்தைப் பயன்படுத்த நினைத்தார். சிறுமி காந்தத்தைக் கொண்டுவந்து புள்ளியை இழுப்பதாக ஒரு காட்சி. அது விளையாட்டில் நடக்காது. மற்ற பொருட்களை எல்லாம் இழுக்கும் காந்தம் புள்ளியை இழுப்பதில்லை. அந்தக் காட்சியை விட்டுவிட்டோம்.

அடுத்த முடிவில்தான் நாங்கள் அதிக நேரம் செலவிட்டோம். சிறுமி முதல் முறை அறைக்குள் போவது எப்படி? இரண்டு பொருட்களைக் கூட வைக்க வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? யாரோ சொல்லிக்கொடுத்தால் கதை மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடும். இங்கேதான் ஒரு நேரத்தில் ஒரு பொருள் என்ற விதி கைகொடுத்தது. தங்கக் கோட்டையைச் சுற்றியுள்ள இடத்தில்தான் ஆடுபவர்கள் இயல்பாகவே பொருட்களைப் போட்டு வைப்பார்கள், ஏனென்றால் கையில் இருப்பதைக் கீழே போட்டால்தான் இன்னொன்றை எடுக்க முடியும். சிறுமியும் அப்படி வாளையும் ஒரு சாவியையும் அந்தப் பாதையில் போட்டு வைத்திருக்கிறாள். அண்ணன் வந்ததும் காட்டலாம் என்று புள்ளியை அந்த வழியாகக் கொண்டுவரும்போது தடுப்பு துடிக்கிறது. ஆக, முதல் முறை தற்செயல்தான். ஆனால் அவள் ஆடிய விதத்திலிருந்து வந்த தற்செயல்.

அண்ணன் அப்போது வீட்டில் இல்லை. அவன் வருவதற்குள் கன்சோலை அணைத்துவிடுகிறார்கள். இந்தக் கன்சோலில் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது, அணைத்தால் எல்லாம் முதலிலிருந்துதான். மறுநாள் அவனை உட்காரவைத்து அவள் எல்லாவற்றையும் திரும்பச் செய்கிறாள். பாலம், புள்ளி, பாதை, தடுப்பு. சதுரம் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. "கனவு கண்டியா?" என்கிறான் அவன். இந்த முறை அவள் கவனமாக ஆடியிருக்கிறாள், தேவையில்லாத பொருள் எதையும் வழியில் போடவில்லை. அதனால்தான் கதவு திறக்கவில்லை. அது அவளுக்குத் தெரியாது.

கதையின் பின்பாதி முழுவதும் அவள் நேற்றைய நிலையைத் திரும்பக் கட்டுவதுதான். நேற்று அங்கே என்ன கிடந்தது என்று யோசிக்கிறாள். வாளை மட்டும் கொண்டுவந்து போடுகிறாள், ஒன்றும் இல்லை. வாளை எடுத்துவிட்டுச் சாவியை மட்டும் போடுகிறாள், அப்போதும் இல்லை. இடையில் ஒரு டிராகன் அவளை விழுங்கிவிடுகிறது. இங்கே எழுத்தாளர் ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கவைக்க நினைத்தார். தேவையில்லை என்றார் நண்பர். ரீசெட் பொத்தானை அழுத்தினால் ஆடுபவர் தங்கக் கோட்டை வாசலில் உயிர் பெற்று வருவார், டிராகன்களும் உயிர் பெறும், ஆனால் பொருட்கள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அதனால் அவள் உழைப்பு வீணாவதில்லை. இந்த விவரம் கதையைக் காப்பாற்றியது. டிராகன் வருவதால் பயம் இருக்கிறது, ஆனால் தேடல் அறுபடவில்லை.

வௌவாலை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. அது பறந்து வந்து கிடக்கும் பொருளைத் தூக்கிக்கொண்டு போகும், கையில் ஏதாவது வைத்திருந்தால் அதைப் போட்டுவிட்டு எடுக்கும். அதை விட்டுவிடலாம் என்றேன் நான், கதை சிக்கலாகிவிடும் என்ற பயம். எழுத்தாளர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பொருட்களும் சேர்ந்து தடுப்பு துடிக்கத் தொடங்கிய அந்த நொடியில் வௌவால் வந்து வாளைத் தூக்கிப் போக வேண்டும் என்றார். துடிப்பு நின்றுவிடும். அதைப் பார்த்துத்தான் சிறுமிக்குப் புரியும்: எந்தப் பொருள் என்பது முக்கியமில்லை, எத்தனை என்பதுதான் முக்கியம். அவர் சொன்னதே சரி. அதுவரை வாளும் சாவியும் ஏதோ மந்திரப் பொருட்கள் என்று நினைத்தவள், வௌவால் போனதும் கைக்கு எட்டிய காந்தத்தைக் கொண்டுவந்து போடுகிறாள். தடுப்பு மறுபடி துடிக்கிறது.

கடைசியாக, அறைக்குள் என்ன இருக்க வேண்டும் என்ற கேள்வி. பெயர் மட்டும் போதும் என்று முடிவெடுத்தோம். திரையில் வருவதை வந்தபடியே ஆங்கில எழுத்தில் அச்சிட்டோம். ஆனால் அண்ணன் உடனே வியக்கக் கூடாது. "யாரு இது?" என்று அவன் கேட்கிறான். பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்கள். விளையாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். அந்தப் பெயர் எங்கேயும் இல்லை.

## பின் நடந்தவை

அச்சுக்கு முன் கதையை ஒரு சிறு குழுவுக்குப் படித்துக் காட்டினோம். எல்லோரும் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், அந்தக் கன்சோலைக் கண்ணால் பார்த்திராதவர்கள். அவர்களுக்கு 4 கிலோபைட் பற்றிய வரி புரியவில்லை, எடுத்துவிட்டோம். கதையில் அது தேவைப்படவும் இல்லை. ஆனால் வாளை மட்டும் போட்டபோது ஒன்றும் நடக்காத இடத்தில் ஒரு பிள்ளை குறுக்கிட்டு, "ரெண்டையும் போடச் சொல்லுங்க" என்றாள். சிறுமி கண்டுபிடிப்பதற்கு அரைப் பக்கம் முன்பே அவள் கண்டுபிடித்துவிட்டாள். எழுத்தாளருக்கு இது கவலையாக இருந்தது, முடிச்சு சீக்கிரம் அவிழ்கிறதோ என்று. எனக்கு அப்படிப் படவில்லை. ஊகிக்கத் தேவையான எல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தரப்பட்டிருந்தது, அவள் ஊகித்தாள். தவிர, எந்தப் பொருளானாலும் சரி என்பதை அவளும் ஊகிக்கவில்லை. வௌவால் வந்தபோது அந்த வட்டத்தில் பெரிய சத்தம்.

கதை வெளியான பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைக் கேட்டன: இது நிஜமா? அடுத்த இதழில் சுருக்கமாகப் பதில் எழுதினோம். நிஜமான பையனின் கடிதம் கிடைத்தபோது அறையை நீக்கிவிடலாமா என்ற பேச்சு நிறுவனத்தில் எழுந்தது. அதற்குக் கேட்ரிட்ஜின் ரோம் சிப்பையே புதிதாக வார்க்க வேண்டும், அது செலவு பிடிக்கும் வேலை. மென்பொருள் பிரிவுக்குத் தலைமை வகித்த ஸ்டீவ் ரைட், இதை விட்டுவைக்கலாம், ஆடுபவர்கள் இப்படித் தேடிக் கண்டுபிடிப்பதை விரும்புவார்கள் என்று வாதிட்டார். இந்த மாதிரி ஒளித்து வைத்தவற்றுக்கு ஈஸ்டர் முட்டை என்ற பெயர் அங்கிருந்துதான் பரவியது. இதற்கு முன்பே வேறு சில விளையாட்டுகளிலும் பெயர்கள் ஒளிந்திருந்தன என்பது பின்னாளில் தெரியவந்தது. அதனால் இதுவே முதலாவது என்று நாங்கள் எழுதவில்லை.

ஒரு கடிதம் மட்டும் புகார். கதையைப் படித்துவிட்டு அதே விளையாட்டைக் கணினியில் ஆடிப் பார்த்த ஒரு பையன், கதையில் சொன்ன இடத்தில் பாலம் இல்லவே இல்லை என்று கோபமாக எழுதியிருந்தான். எந்த நிலையில் ஆடினாய் என்று கேட்டு எழுதினோம். மூன்றாம் நிலை என்று பதில் வந்தது. அந்த நிலையில் விளையாட்டு பொருட்களைக் கலைத்துப் போட்டுவிடும், ஒவ்வொரு ஆட்டத்திலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். இரண்டாம் நிலையில் ஆடச் சொன்னோம். அப்புறம் அவனிடமிருந்து கடிதம் வரவில்லை, விளையாடிக்கொண்டிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டோம்.

## இனி மாற்றுவது

கதை தொகுப்பாக வரும்போது இரண்டு மாற்றங்கள் செய்ய எழுத்தாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார். சிறுமி ஆட்டத்தைத் தொடங்கும் வரியிலேயே திரையில் 2 என்ற எண் தெரிவதாக ஒரு சொற்றொடர் சேர்கிறது. மறுநாள் அண்ணனோடு தொடங்கும்போதும் அதே எண் வரும்.

மற்றொன்று மினுக்கல். இப்போதைய வடிவில் பொருட்கள் மினுக்குவது தடுப்பு துடிக்கும் இடத்தில்தான் முதன்முதலில் வருகிறது. அதனால் விளையாட்டை அறியாத பிள்ளைகள் அதை மந்திரத்தின் அறிகுறி என்று படிக்கிறார்கள். கதையின் தொடக்கத்திலேயே, டிராகன் நிற்கும் அறையில் வாளும் சாவியும் கிடக்கும்போது மூன்றும் மினுக்குவதாகவும், சிறுமி அதைப் பார்த்தும் பார்க்காமல் கடந்து போவதாகவும் ஒரு பத்தி சேர்க்கப்படும். நண்பர் அந்தப் பத்தியை மட்டும் அச்சுக்கு முன் தானே ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.